பாட்டியின் வெறுங்கால் நடை: கடைசியில் உள்ளங்கைதான் கைகொடுத்தது

நம் அனிமேஷன் குறும்படத்துப் பாட்டி ஒருவழியாகக் காலடிச் சத்தத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நள்ளிரவில் எழுந்து, சிவப்புச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து, பின்கட்டுக் கதவைத் திறக்கும் காட்சி அது. செருப்பு போட்ட பாத்திரம் என்றால் ஒரு ராத்திரியில் முடித்திருப்பேன். வெறுங்கால்தான் உயிரை வாங்கிவிட்டது.

வெறுங்காலில் உண்மையாக நடந்து பதிவு செய்தால் கேட்பது அடியில் ஒரு மந்தமான 'தும்' மட்டும்தான். குதிகால் எப்போது பட்டது, விரல்கள் எப்போது இறங்கின என்று தெரியாது. மைக்கின் கெயினை ஏற்றினால் காலடிக்கு முன்னால் பக்கத்து அறை ஃபிரிட்ஜ் எழுந்து நிற்கிறது. போதாததற்குக் கணுக்கால் சொடக்கும் சேர்ந்து விழுகிறது.

அதனால் காலை விட்டுவிட்டுக் கையால் நடந்தேன். சமையல் மேடையில் மிஞ்சிய கடப்பாக் கல் ஒன்றை மடித்த ஜமுக்காளத்தின் மேல் வைத்தேன். நம் டைல்ஸ் தரையில் நேரடியாகத் தட்டினால் அடியில் பொள்ளலாக ஒலிக்கும். சிமெண்ட் தரை அப்படி ஒலிக்காது. உள்ளங்கையின் அடிப்பகுதி குதிகால், விரல்கள் முன்பாதம். முதலில் அடிப்பகுதியை ஊன்றி, விரல்கள் வரை உருட்ட வேண்டும். வெறும் கையை மட்டும் போட்டால் குழந்தை ஓடுவதுபோல் இருக்கிறது. தோள் எடையைக் கை மேல் சாய்த்தால்தான் பெரியவர் நடை வருகிறது. அப்புறம் சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கினேன்.

இதில் எல்லாமே கையின் ஈரத்தில் இருக்கிறது. கை வறண்டிருந்தால் காகிதத்தைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். நனைத்துவிட்டால், கையைத் தூக்கும்போது 'பிசுக்' என்று பாட்டி குளியலறையிலிருந்து வருவதாக ஆகிவிடும். கையைக் கழுவி, துண்டால் துடைத்து, கொஞ்சம் பொறுத்து, தோலில் இயல்பான பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும் நேரத்தில் எடுக்க வேண்டும். அந்த நிலை ரொம்ப நேரம் நிற்காது. ஃபேனையும் நிறுத்தியிருப்பதால் சென்னைப் புழுக்கத்தில் கை மறுபடி வியர்த்துவிடும். அடிப்பகுதியில் மட்டும் துளி டால்கம் பவுடர் தடவியதும் சரியாகிவிட்டது. பாட்டி காலை இழுத்து நடப்பவள் என்பதால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சின்னத் தேய்ப்பு வேண்டும். அந்தத் தேய்ப்புக்குப் பவுடர் உதவியது. நடுராத்திரியில் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தவனை அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்டா, உனக்கு என்ன ஆச்சு?" என்றதும் ஒரு டேக்கில் இருக்கிறது. அதை அழிக்கப் போவதில்லை.

மைக்கைக் கல்லுக்கு மேலே தொங்கவிடாமல், ஒன்றரை அடி தள்ளிப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். இன்னும் நெருங்கினால் பாட்டி நம் காதுக்குள் நடக்கிறாள்.

படத்தோடு பொருத்துவதில் ஒரு சின்னச் சிக்கல். நாங்கள் விநாடிக்கு 24 ஃபிரேமில் ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்துகிறோம். கால் தரையைத் தொடும் ஓவியம் சுமார் 83 மில்லி விநாடி திரையில் நிற்கும். அதன் முதல் ஃபிரேமிலேயே அடியை வைத்தால் சத்தம் முந்துவதுபோல் பட்டது. ஒரு ஃபிரேம் தள்ளியதும் ஒட்டிக்கொண்டது. சத்தம் லேசாகப் பிந்தினால் காது மன்னிக்கும், முந்தினால் மன்னிக்காது. தேய்ப்பு மட்டும் கால் காற்றில் இருக்கும்போதே தொடங்கியாக வேண்டும்.

புடவைக்கு, கஞ்சி போடாமல் பலமுறை துவைத்த நூல் புடவை. கஞ்சி போட்டது மொடமொடக்கிறது. சிந்தெடிக்கோ எந்நேரமும் சீறுகிறது, ஈக்யூவில் வெட்டினாலும் போகாது. இதைத் துண்டு துண்டாக எடுக்காமல், படத்தைப் பார்த்தபடி முழுக் காட்சிக்கும் ஒரே ஓட்டமாகக் கசக்கினேன். கலவையில் அது கேட்கவே கேட்காது. ஆனால் மியூட் செய்து பாருங்கள், பாட்டி பின்னணி மேல் ஒட்டிய அட்டையாகிவிடுவாள்.

கதவு இன்னும் பாதியில் நிற்கிறது. தாழ்ப்பாளும் நாதாங்கியும் கிடைத்துவிட்டன, கீல் கிறீச்சுதான் பாக்கி. எங்கள் வீட்டுக் கதவு ஃபிளஷ் டோர், முனகக்கூடத் தெரியாது. பழைய இரும்புக் கீல் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் திருகி, ஒருபக்கமாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்பினால் உலோகம் ஒட்டி ஒட்டி விடுபடுகிறது. மெதுவாகத் திருப்பினால் தனித்தனி டிக் டிக், வேகம் கூடினால் அதுவே கிறீச். காற்றில் எடுத்தால் இது சன்னமாக இருக்கிறது. அதனால் ரிச்சி தெருவில் அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் 27 மி.மீ. பீசோ தட்டுகள் சில வாங்கி வந்திருக்கிறேன், பலகையிலேயே ஒட்டிவிட. ஒயர் நீளமாக இருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள், அந்தத் தட்டில் சால்டர் வைப்பது பெரும்பாடு. ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டார் சொருகும் ஹை-இசட் உள்ளீட்டில்தான் கொடுக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் பீசோவின் அடிச்சுரம் எல்லாம் போய், தகரம்தான் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை மாடியில் கட்டட வேலை இல்லையென்றால் அன்று கீலை முடித்துவிட்டு, கொல்லை மணலில் பாட்டி நடக்கும் சத்தத்துக்கு ஒரு மணல் தட்டு தயார் செய்ய வேண்டும்.