பதினோரு வருடம் ஓடிய ஒரு வரி

2012-ல் நான் எழுதிய ஒரு வரி எங்கள் புராஜெக்ட்டில் 2023 வரை காப்பியாகிக்கொண்டே இருந்தது. புதிதாக ஒரு ஜாவா சர்வீஸ் தொடங்கினால், யாராவது பழைய ஸ்கிரிப்ட்டைத் திறந்து இதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்:

```
-Xms2g -Xmx2g -XX:+UseConcMarkSweepGC
```

மெமரி பிரச்சினை என்றால் என்னைக் கூப்பிடு என்ற பெயர் எனக்கு இந்த வரியால்தான் வந்தது. 2023-ல் ஜாவா 8-லிருந்து 17-க்கு மாறினோம். சர்வீஸ் கிளம்பவே இல்லை. பக்கத்து சீட் பையன் திரையைக் காட்டினான். "அண்ணா, இப்படி ஒரு ஆப்ஷனே இல்லைங்குது."

```
Unrecognized VM option 'UseConcMarkSweepGC'
```

அந்தக் கார்பேஜ் கலெக்டரை ஜாவா 14-லேயே, 2020-ல், எடுத்துவிட்டார்கள். மூன்று வருடமாக இல்லாத ஒன்றில் நான் நிபுணன். நாற்பத்து மூன்று வயதில் அதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சரி, அந்த ஆப்ஷனை நீக்கினோம், ஓடியது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கன்டெய்னர் செத்து செத்துப் பிழைத்தது. லாகில் `OutOfMemoryError` இல்லை. நான் பழக்கதோஷத்தில் "ஹீப் டம்ப் எங்கே?" என்று கேட்டேன். அது இருக்காது. எக்ஸிட் கோட் 137, அதாவது 128-உம் கில் சிக்னல் 9-உம். வெளியிலிருந்து லினக்ஸ் கெர்னல் கொன்றிருக்கிறது. ஜாவாவுக்குத் தான் சாகப்போவதே தெரியாது, டம்ப் எப்படி எழுதும்? என் காலத்து சர்வரில் 16 ஜிபி இருக்கும். ஹீப்புக்கு 2 ஜிபி கொடுத்தால், மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டேக் என்று ஹீப்புக்கு வெளியே இன்னும் அரை ஜிபி போனாலும் யாருக்கும் உறைக்காது. இப்போது கன்டெய்னரின் மொத்த லிமிட்டே 2 ஜிபி. `-Xms`, `-Xmx` இரண்டையும் எடுத்துவிட்டு `-XX:MaxRAMPercentage=70` என்று போட்டதும் நின்றது. (`-Xmx`-ஐயும் இதையும் சேர்த்துப் போட்டால் `-Xmx` தான் ஜெயிக்கும். அதற்கும் அரை நாள் போனது.)

இதோடு முடிந்திருந்தால் எனக்கு வயதாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அதே வாரம் இன்னொரு சர்வீஸின் ஜிசி லாகைப் பார்த்தபோது, ஒவ்வொரு கலெக்‌ஷனுக்குப் பிறகும் மிஞ்சுகிற அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது கண்ணில் பட்டது. எல்லையே வைக்காத ஒரு கேஷ். லாகின் வடிவம் மாறியிருந்தாலும், அந்த ஏற்றம் 2012-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

எனக்குத் தெரிந்த வேலைகளை வரி வரியாக எழுதி வைக்கிற எக்செல் தாள் ஒன்று என்னிடம் உண்டு. அன்றுதான் அதில் 'ஜிசி டியூனிங்' என்றிருந்த ஒரே வரியை மூன்றாக உடைத்தேன். ஆப்ஷன்களை மனப்பாடமாக வைத்திருப்பது: விட்டாச்சு. லாக் படிப்பது: அப்படியே இருக்கட்டும். கன்டெய்னர் மெமரி: படிக்க வேண்டும். தாளில் இரண்டு கேள்விகள்தான். கடைசியாக யார், எப்போது இதை என்னிடம் கேட்டார்கள்? தேடிப் பார்க்காமல் நான் சொன்ன முதல் பதில் சரியாக இருந்ததா? கேட்கிறார்கள், பதில் தப்பு என்றால் புதுப்பிக்க வேண்டியது அதுதான். இரண்டு வருடமாக யாருமே கேட்கவில்லை என்றால் விட்டுவிடுகிறேன்.

முதல் கேள்வி ஏமாற்றவும் செய்யும். ஸ்ட்ரட்ஸ் 1-க்கு ஆதரவு 2013-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பழைய கஸ்டமர் வருடத்துக்கு நாலு தடவை என்னையே தேடி வருவார். தாளின்படி அது செம டிமாண்ட். அப்புறம்தான் மூன்றாவது கேள்வி சேர்ந்தது: கேட்டது புதுக் கோடுக்கா, பழசை உயிரோடு வைக்கவா? பதினான்கு பக்கக் குறிப்பு எழுதி இன்னொருவரிடம் ஒப்படைத்தேன். முதல் மாதம் யாரும் கூப்பிடாதது ஒரு மாதிரி இருந்தது.

ஃப்ரன்ட் எண்டை விட்டதில் அந்த வருத்தமே இல்லை. 2014-ல் ராத்திரி ராத்திரியாக ஆங்குலர்ஜேஎஸ் படித்தேன். 2016-ல் ஆங்குலர் 2 வந்தபோது அதை அடியிலிருந்து மாற்றி எழுதியிருந்தார்கள். நான் படித்ததில் பாதிக்கு மேல் அந்த ஃப்ரேம்வொர்க்குக்குள் மட்டும் செல்லுகிற விஷயம், வேறெங்கும் செல்லாத நாணயம் மாதிரி. திரும்ப ஓடிப் பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஸ்க்ரீன் வேலை வந்தால் "எனக்குத் தெரியாது" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தாளில் மஞ்சள் பூசியிருக்கிற வரி `jstack`. ஹேங் ஆன சர்வீஸில் நான் முதலில் அடிக்கிற கமாண்ட். ஜாவா 21-க்குப் போனதும் ஒரு டீம் வர்ச்சுவல் த்ரெட் போட்டிருக்கிறது. காத்துக்கிடக்கிற ஆயிரக்கணக்கான வர்ச்சுவல் த்ரெட்கள் அந்த டம்பில் தெரியவே தெரியாது. எல்லாம் சும்மா இருப்பது மாதிரி காட்டும். இதற்கு வேறு கமாண்ட் இருக்கிறது:

```
jcmd <pid> Thread.dump_to_file -format=json dump.json
```

போன வாரம்கூட என் விரல்கள் `jstack` என்றுதான் அடித்தன. பக்கத்து சீட்டிலிருந்து சின்னதாக ஒரு இருமல் வந்தது.