அஸ்பார்டேம் படமும் ஒரு தவறான விடைக்குறிப்பும்

ஒருவழியாக மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பயிற்சித் தேர்வில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியின் கோட்டு அமைப்பைக் கொடுத்து, அதிலுள்ள வினைத்தொகுதிகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். அச்சிட்டுத் தந்த விடைக்குறிப்பில் இருந்தது இதுதான்: கீட்டோன் 2, அமீன் 2, ஈதர் 1, கார்பாக்சிலிக் அமிலம் 1. இதில் அமிலம் மட்டும்தான் சரி. இதைப் பார்த்துப் படிப்பவர்கள் இனி எந்தப் படத்தைக் கண்டாலும் இப்படித்தான் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தபோதுதான் கோபம் வந்தது.

விடைக்குறிப்பு ஒருபுறம் இருக்கட்டும், கேள்வித்தாளில் இருந்த படமே பழுதானது. நகல் எடுத்து எடுத்து, வலது ஓரத்தில் ஒரு கோடு அழிந்துபோயிருந்தது. நல்லவேளையாகக் கீழே C14H18N2O5 என்று மூலக்கூறு வாய்பாட்டைப் போட்டிருந்தார்கள். அது இல்லாமல் இருந்தால் பாதிப் படத்தை வைத்துக்கொண்டு முழு விடை தேட வேண்டியிருந்திருக்கும்.

வாய்பாடு இருந்தால் வினைத்தொகுதியைத் தேடுவதற்கு முன் கார்பனை எண்ணிவிடுங்கள். கோடு வளையும் ஒவ்வொரு மூலையும், எழுத்து எதுவும் இல்லாமல் முடியும் ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடது பக்கம் HO-வில் தொடங்கி நடந்தால் அமிலக் கார்பன், அடுத்து CH2, அதற்கடுத்து NH2 தாங்கிய கார்பன், பிறகு கார்பனைல் கார்பன். இங்கே சங்கிலியில் ஒரு NH குறுக்கிடுகிறது. அதைத் தாண்டினால் இன்னொரு CH, அதிலிருந்து கிளையாக ஒரு CH2, அதன் நுனியில் பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன்கள். கடைசியாக வலது ஓரத்துக் கார்பனைல். கூட்டினால் 13. வாய்பாடோ 14 என்கிறது.

குறைவது எங்கே என்பதையும் படமே காட்டிக்கொடுத்தது. வலது ஓரத்தில் ஒரு O, ஒரே ஒரு ஒற்றைக் கோட்டோடு நின்றது. பக்கத்தில் H இல்லை, எதிர்மின் குறியும் இல்லை. கோட்டு அமைப்பில் கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனை மட்டும்தான் எழுதாமல் விடலாம். ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் இருக்கும் ஹைட்ரஜனை எழுதியே ஆக வேண்டும். அப்படியென்றால் அந்த O-வின் மறுபக்கம் ஏதோ ஒன்று அழிந்திருக்கிறது. ஒருவேளை அது H-ஆக இருக்குமோ என்று போட்டுப் பார்த்தால் C13H16N2O5 வருகிறது. கொடுத்த வாய்பாட்டுக்கு இன்னும் ஒரு CH2 குறைகிறது. ஆக அங்கே இருந்தது H அல்ல, ஒரு CH3. சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோடாக வரைந்திருப்பார்கள், நகலில் அது போய்விட்டது. இது சின்ன விஷயமில்லை. H என்று எடுத்துக்கொண்டால் அந்த இடம் இரண்டாவது அமிலமாகிவிடும். CH3 என்றால் எஸ்டர்.

வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று சொல்லும் நிறைவுறாமை எண்ணையும் பார்த்துவிட்டேன். 14 கார்பன், 2 நைட்ரஜன், 18 ஹைட்ரஜனுக்கு அது 7. பென்சீன் வளையத்துக்கு 4, மூன்று கார்பனைலுக்கு 3. கணக்கு நேராகிவிட்டது, படத்தில் வேறு எதுவும் தொலையவில்லை என்று தெரிந்தது.

அடுத்து வினைத்தொகுதிகள். ஒவ்வொரு C=O-வுக்கும் இரண்டு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெயர் வைக்கவே கூடாது. விடைக்குறிப்பு செய்தவர் C=O-வைத் தனியாக, O-வைத் தனியாக, N-ஐத் தனியாக வெட்டி எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார். இடது ஓரத்தில் C=O-வுக்குப் பக்கத்தில் OH, அது அமிலம். நடுவில் C=O-வுக்குப் பக்கத்தில் NH, அது அமைடு. வலதில் C=O-வுக்குப் பக்கத்தில் O, அதைத் தாண்டி CH3, அது மீத்தைல் எஸ்டர். கீட்டோன் என்றால் இரண்டு பக்கமும் கார்பன் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. ஈதரும் இல்லை, ஏனென்றால் அந்த O ஏற்கெனவே எஸ்டரில் சேர்ந்துவிட்டது. தனியாக நிற்பது NH2 மட்டும்தான், அது முதல்நிலை அமீன். விடைக்குறிப்பு மறந்தே போன பென்சீன் வளையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். பொறுப்பாக இருந்தவர் தாளைப் பார்க்காமலேயே, "C=O இருக்குல்ல, கீட்டோன்னு எழுதினா என்ன தப்பு?" என்றார். மறுபடியும் போனபோது ஆளே இல்லை, அந்த நடை வீண். பிறகு பிடித்து உட்காரவைத்துப் பேசினேன். "சார், கீட்டோன்னா 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீனோட வீழ்படிவு தரணும். எஸ்டரும் அமைடும் தராதே" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கீட்டோனும் ஈதரும் போய் எஸ்டர் வந்தது.

ஆனால் நடுவில் இருக்கும் NH-ஐ விட மனசு வரவில்லை. "நைட்ரஜன்ல ரெண்டு பக்கம் கார்பன், ஒரு ஹைட்ரஜன். இரண்டாம்நிலை அமீன்தானேம்மா?" என்றார். படத்தில் N-ஐ மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த N-இன் தனித்த எலக்ட்ரான் இணை பக்கத்துக் கார்பனைல் பக்கம் பரவியிருப்பதால் அது அமீன் போலக் காரமாக நடக்காது என்று சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர, பேனாவை எடுக்கவில்லை.

கடைசியில் அவரை ஒத்துக்கொள்ள வைத்தது அஸ்பார்டேம் கெட்டுப்போகும் விதம். கரைசலில் நாள்பட இருந்தாலோ சூடுபட்டாலோ அதன் இனிப்பு குறையும். அதற்கு ஒரு காரணம், தனியாக நிற்கும் NH2 வளைந்து வந்து எஸ்டரின் கார்பனைலைத் தாக்குவது. மெத்தனால் வெளியேறி, ஆறு அணுக்கள் கொண்ட வளையம் உருவாகும். டைகீட்டோபைப்பரசீன் என்பது அதுதான். இரண்டு நைட்ரஜனும் ஒரே மாதிரி அமீன் என்றால் தாக்குவது எப்போதும் அந்த NH2-ஆக மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவரே தாளை வாங்கி அந்த வளையத்தை வரைந்து பார்த்தார். நடுவில் இருந்த NH அப்படியே அமைடாக வளையத்தில் நின்றது, NH2-தான் புதிதாக இன்னோர் அமைடாக மாறியிருந்தது. அதற்குப் பிறகு "அமீன் 2" என்பதை அடித்துவிட்டு "அமீன் 1, அமைடு 1" என்று எழுதினார்.

அந்த வளையத்தை நீங்களும் ஒருமுறை வரைந்து படித்துப் பாருங்கள். C13H14N2O4, நிறைவுறாமை எண் 8. பென்சீனுக்கு 4, கார்பனைலுக்கு 3, புது வளையத்துக்கு 1. அமைடு இரண்டு, அமிலம் ஒன்று, எஸ்டரும் அமீனும் இல்லை. பெயரில் "டைகீட்டோ" என்று இருப்பதைப் பார்த்து இங்கேயும் கீட்டோன் இரண்டு என்று எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு C=O-வுக்கும் பக்கத்தில் N இருக்கிறது.

அடுத்த தேர்வுத்தாளில் அந்த முனையில் கோடு மட்டும் விடாமல் OCH3 என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். செய்வதாகச் சொன்னார்.