மாடிக் கத்தரிக்கு எந்தத் தொட்டி?

மே மாத மதியத்தில் கத்தரிச்செடி வாடியதும் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள், முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் உள்ளே ஈரமாகவே இருக்கலாம். வெயில் படும் பக்கம் சூடேறி வேரைச் சுடுவதால் வரும் வாட்டம் அது, அதற்கு மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

மண்தொட்டியில் ஈரம் சுவர் வழியே கசிந்து ஆவியாவதால் பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே குளிர்ச்சி, ஆனால் சீக்கிரம் காயும். (பெயின்ட் அடித்ததை வாங்கினால் அந்தப் பலன் போச்சு.)

துணிப்பையில் தண்ணீர் தேங்கவே தேங்காது, கோடையில் இரண்டு வேளையும் ஊற்றணும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மண்ணோடு கலந்த தென்னைநார்க் கழிவு தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பிளாஸ்டிக்தான் இருக்கிறதா? சரி, அடித்துளை அடைபடாமல் செங்கல் மேல் ஏற்றி, மேற்குப் பக்கம் சாக்கைக் கட்டிவிடுங்கள்.