கராமத்தும் முஃஜிஸாவும்: அகீதா தேர்வில் நான் இடறிய இடம்

அரபுக் கல்லூரியில், அகீதா எனும் கொள்கைப் பாடத்துக்கு ஷரஹுல் அகாயித் நூலை ஓதிய ஆண்டின் முதல் பருவத் தேர்வில், ‘கராமாத்துல் அவ்லியாயி ஹக்குன்’, அதாவது ‘வலிமார்களின் கராமத்துகள் உண்மையானவை’ என்ற மத்னை, அந்த மூல வாசகத்தை விளக்கி, இறைநேசர்களான வலிமார்களின் அற்புதமாகிய கராமத்து, நபிமார்களின் அற்புதமாகிய முஃஜிஸாவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று எழுதுமாறு ஒரு வினா வந்தது. சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த விஷயம் என்பதால் பேனா தடையின்றி ஓடியது. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் கண்ணாடியை எறிந்து காத்த வரலாற்றுக்கே ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. முடிவில், ‘நபிமார்களின் அற்புதம் பெரியது, வலிமார்களின் அற்புதம் சிறியது, இதுவே வேறுபாடு’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். இருபதுக்கு ஆறு மதிப்பெண் கிடைத்தது. அந்தக் கடைசி வரிக்கு எதிரே எங்கள் ஆசிரியர் ஹஜ்ரத் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: ‘சபா நாட்டிலிருந்து வந்த சிம்மாசனம் எத்தனை முழம்?’

அந்தக் கேள்வியின் பொருள் விளங்க எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன. சபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தைக் கண் இமைப்பதற்குள் சுலைமான் (அலை) அவர்கள் முன் கொண்டுவந்தவர், ‘வேதத்தின் அறிவு பெற்றிருந்த ஒருவர்’ என்று குர்ஆன் (27:40) கூறுகிறது. விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் அவரை ஆஸிஃப் பின் பர்கியா என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றனர். அவர் நபி அல்லர், நபியின் அவையில் இருந்த ஒருவர். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு சிம்மாசனமே நொடியில் வந்து சேர்ந்ததைச் சிறிய அற்புதம் என்று எவரால் சொல்ல முடியும்? அளவை வைத்து இரண்டையும் பிரிக்க முயன்றால் முதல் ஆதாரத்திலேயே அந்தப் பிரிவு உடைந்துவிடுகிறது. இப்பாடத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நான் விழுந்த இந்தக் குழியில்தான் விழுகிறார்கள் என்பதைப் பின்னர் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது கண்டேன்.

வேறுபாடு நிகழ்வில் இல்லை, நிகழ்வோடு சேர்ந்து நிற்கும் வாதத்தில், அதாவது ‘நான் நபி’ என்ற உரிமைகோரலில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாடம் முழுவதும் தானாக அவிழும். ஹிஜ்ரி 537இல் மறைந்த உமர் நஸஃபி எழுதிய சுருக்கமான மத்னுக்கு, ஹிஜ்ரி 768இல் இமாம் தஃப்தாஸானி எழுதி முடித்த விரிவுரையே நம் பாடநூல். வலி எனப்படுபவர் யார் என்பதை அதில் அவர் முதலில் வரையறுக்கிறார். அல்லாஹ்வையும் அவன் பண்புகளையும் இயன்ற அளவு அறிந்தவராகவும், வணக்கங்களில் நிலைத்தவராகவும், பாவங்களை விட்டு விலகியவராகவும், இன்பங்களில் மூழ்கிக் கிடக்காதவராகவும் இருப்பவரே வலி. அத்தகைய ஒருவரிடமிருந்து, நபித்துவ வாதத்தோடு சேராமல், வழமையை மீறிய ஒரு செயல் வெளிப்படுவது கராமத்து. அதே செயல் நபித்துவ வாதத்தோடு சேர்ந்து வந்தால் அது முஃஜிஸா. ஈமானும் நற்செயலும் இல்லாதவனிடம் தோன்றினால் அது இஸ்தித்ராஜ், அதாவது அவனைப் படிப்படியாக அழிவுக்கு இழுத்துச் செல்லும் விட்டுப்பிடித்தல். தேர்வுத்தாளில் இந்த வரையறைகளை எழுதும்போது ‘நபித்துவ வாதத்தோடு சேராமல்’ என்ற சொற்றொடரை விட்டுவிட்டால் வரையறை முழுவதும் சரிந்துவிடும். ஏனெனில் மூன்றிலும் நடக்கும் செயல் ஒன்றாகவே இருக்கலாம்.

இந்த நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்பதை முஃதஸிலாக்கள் எனும் பழைய கொள்கைப் பிரிவினரின் ஆட்சேபனை இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது. ஆகவே அதை அலட்சியமாக ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவர் நபி என்பதற்கு நமக்கிருக்கும் சான்று அவர் கையில் வெளிப்படும் அற்புதம். அதே அற்புதம் நபியல்லாதவரிடமும் வெளிப்பட்டால் அது எப்படிச் சான்றாக நிற்கும்? நபி யார், மற்றவர் யார் என்று மக்கள் எதைக் கொண்டு பிரித்தறிவார்கள்? ஆகவே வலிமார்களுக்கு அற்புதம் நிகழ்வதில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் முடிவு கட்டினர்.

இதற்கு அஹ்லுஸ் ஸுன்னா எனும் ஸுன்னி வழி அறிஞர்கள் அளித்த விடை இரண்டு அடுக்குகள் கொண்டது. முதலாவது, சான்றாக நிற்பது வெறும் அற்புதம் அன்று, ‘நான் அல்லாஹ்வின் தூதன்’ என்ற வாதமும் அதை மெய்ப்பிக்க வந்த அற்புதமும் சேர்ந்த சேர்க்கையே. வலி அந்த வாதத்தைச் செய்வதில்லை. செய்தால் அந்தக் கணமே அவர் பொய்யர், பொய்யர் வலியாக இருக்க முடியாது. இரண்டாவது அடுக்கு நஸஃபியின் மத்னிலேயே இருக்கிறது. நான் முதல் தேர்வில் அதைக் கண்ணால் பார்த்தும் கவனிக்காமல் போனேன். ஒரு வலியிடம் வெளிப்படும் கராமத்து, அவர் எந்தத் தூதரின் உம்மத்தை, அதாவது சமுதாயத்தைச் சேர்ந்தவரோ அந்தத் தூதருக்கு முஃஜிஸாவாக அமைகிறது என்கிறார் நஸஃபி. கராமத்தின் வழியாக அவர் வலி என்பது வெளிப்படுகிறது. மார்க்கத்தில் சத்தியத்தில் நில்லாதவர் வலியாக முடியாது. அவருடைய மார்க்கமோ தம் தூதரின் தூதுத்துவத்தை ஏற்பதுதான். எனவே கராமத்து நபியோடு போட்டியிடுவதில்லை, நபிக்குச் சாட்சி சொல்கிறது. முஃதஸிலாக்கள் எதனால் நபித்துவச் சான்று பலவீனப்படும் என்று அஞ்சினார்களோ, அதுவே அச்சான்றுக்கு வலுச் சேர்ப்பதாகத் திருப்பிக் காட்டும் இந்த விடையின் அழகை நான் இன்றும் ரசிக்கிறேன்.

தஃப்தாஸானி இதிலிருந்து ஒரு நுணுக்கத்தையும் எடுத்துக்காட்டுகிறார். நபி தாம் நபி என்பதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும், அற்புதத்தை வெளிப்படுத்தும் நாட்டம் அவருக்கு இருக்க வேண்டும், அது மெய்ப்பிக்கும் பொருளை ஐயமின்றி அறிவிக்கவும் வேண்டும். வலிக்கு இவற்றில் எதுவும் நிபந்தனை இல்லை. தாம் வலி என்பதையே அறியாத ஒருவரிடமும் கராமத்து வெளிப்படலாம்.

இப்போது ஓர் ஆதாரத்தை எடுத்து, விடை எழுதுவது போலவே நடத்திப் பார்ப்போம். மர்யம் (அலை) அவர்கள் இருந்த மிஹ்ராப் எனும் வணக்க அறைக்குள் ஸகரிய்யா (அலை) அவர்கள் நுழையும் போதெல்லாம் அங்கே உணவைக் கண்டார்கள் என்று குர்ஆன் (3:37) கூறுகிறது. கோடைக்காலக் கனி குளிர்காலத்திலும், குளிர்காலக் கனி கோடையிலும் இருந்தது என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். மர்யம் அவர்கள் நபி அல்லர் என்பதே பெரும்பான்மையோரின் முடிவு என்பதால் இது கராமத்து என்கிறோம். இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் மாணவருக்குப் பாதி மதிப்பெண்தான். மறுப்பாளர்கள் இரண்டு வழிகளில் தப்பிக்கப் பார்த்தார்கள். ஒன்று, அது ஸகரிய்யா நபியின் முஃஜிஸா என்பது. மற்றொன்று, பிறக்கவிருந்த ஈஸா நபிக்கான முன்னறிகுறி, அதாவது இர்ஹாஸ் என்பது. முதலாவதற்கு விடை அதே வசனத்தில் இருக்கிறது. ‘மர்யமே, இது உமக்கு எங்கிருந்து வந்தது?’ என்று ஸகரிய்யா நபி கேட்கிறார்கள். தம்முடைய முஃஜிஸாவைப் பற்றி ஒரு நபி பிறரிடம் கேட்டறிய மாட்டார். இரண்டாவதற்கு, அந்த உணவு மர்யம் அவர்களுக்கு அளிக்கப்பட்ட கண்ணியமாகவே வசனத்தில் வருகிறது, அங்கே ஈஸா நபியைப் பற்றிய பேச்சே இல்லை என்று பதில் கூறப்படுகிறது. முதல் பதில் அளவுக்கு இது அசைக்க முடியாதது அன்று என்பது என் தனிப்பட்ட எண்ணம். ஆகவே விடையில் முதலாவதையே முன்னே வையுங்கள்.

அடுத்து, பெயர்களைக் கலந்துவிடும் இடம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி 418இல் மறைந்த அபூ இஸ்ஹாக் இஸ்ஃபராயினீ, அஹ்லுஸ் ஸுன்னாவின் அஷ்அரி மரபைச் சேர்ந்த அறிஞர். ஆயினும் நபிமார்களின் முஃஜிஸாவாக நிகழ்ந்த வகைகள் வலிமார்களுக்கு நிகழ்வதை அவர் ஏற்கவில்லை. துஆ ஏற்கப்படுவது, பாலையில் எதிர்பாராமல் நீர் கிடைப்பது போன்ற அளவிலேயே கராமத்து நிற்கும் என்றார். இமாம் குஷைரி கராமத்துகளை விரிவாக நிலைநாட்டியவர் என்றாலும், தந்தையின்றிக் குழந்தை பிறப்பது போன்ற எல்லைக்கு அவை செல்லா என்று வரம்பு கட்டினார். பெரும்பான்மையோர் இந்த வரம்புகளை ஏற்காமல், நபிக்கு முஃஜிஸாவாக நிகழக்கூடியது வலிக்குக் கராமத்தாக நிகழலாம் என்றனர். ‘இஸ்ஃபராயினீயும் குஷைரியும் முஃதஸிலாக்களைப் போன்றவர்கள்’ என்று என் சக மாணவர் ஒருவர் எழுதி மதிப்பெண் இழந்தார். கராமத்து உண்டா என்பது ஒரு விவாதம், எந்த எல்லை வரை உண்டு என்பது வேறு விவாதம்.

அகீதாவில் இதன் இடம் எது என்பதையும் வினா கேட்கும். கராமத்து என்ற ஒன்று உண்மை என்று ஏற்பது கொள்கை, இன்னாருக்கு இன்னது நடந்தது என்பது செய்தி. செய்தி, அறிவிப்பாளர் வரிசையைப் பொறுத்து நிற்கும். இமாம் தஹாவி தம் அகீதாவில், வலிமார்களின் கராமத்துகளில் நம்பகமானவர்கள் வழியாகச் சரியாக வந்தவற்றை நம்புகிறோம் என்று நிபந்தனையோடுதான் எழுதியுள்ளார். மதீனாவின் மிம்பரிலிருந்து உமர் (ரலி) அவர்கள் ‘ஸாரியாவே, மலை!’ என்று அழைத்தது தொலைவில் போர்க்களத்தில் இருந்த படைத்தலைவருக்குக் கேட்ட செய்தியை இப்னு ஹஜர் ஹஸன், அதாவது ஏற்கத்தக்கது என்று தரப்படுத்தியிருப்பதால் அதை எடுத்துக்காட்டாக எழுதலாம். நாகூர் வரலாற்றை என் ஹஜ்ரத் மறுக்கவில்லை. ‘அது ஊர் வரலாறு, அதை நேசிக்கலாம், அகீதாவுக்கு ஆதாரமாக எழுதக் கூடாது’ என்றார்.

இறுதிப் பருவத்தில் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வரையறைகளையெல்லாம் தங்குதடையின்றிச் சொல்லி முடித்தேன். அவர் தாடியைத் தடவியபடி, ‘நபி என்று பொய்யாக வாதிடுபவன் கையில், அவன் கூற்றை மெய்ப்பிக்கும் அற்புதத்தை அல்லாஹ் வெளிப்படுத்த மாட்டான் என்கிறீர். இறுதிக் காலத்தில் வரவிருக்கும் தஜ்ஜால் அதைவிடப் பெரிய வாதமாக, தானே இறைவன் என்று வாதிடுவான். அவன் சொன்னதும் மழை பொழியும், பூமி விளையும் என்று ஹதீஸ் கூறுகிறதே?’ என்று கேட்டார். சற்று நேரம் எனக்கு நா எழவில்லை. பிறகு, மர்யம் வசனத்தில் விடை அதே வசனத்தில் இருந்ததைப் போல, இதற்கும் விடை அவனுடைய வாதத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. நபித்துவ வாதம் ஒரு மனிதனிடமிருந்து மெய்யாகவும் வரலாம், பொய்யாகவும் வரலாம், அதனால் அங்கே பொய்யனுக்கு அற்புதம் கிடைத்தால் மக்கள் பிரித்தறிய வழியில்லை. உண்டு உறங்கும் உடலும் ஒரு கண்ணில் குறையும் உடைய ஒருவன் தன்னை இறைவன் என்று சொன்னால், அவன் உருவமே அவனைப் பொய்ப்பிக்கிறது, அங்கே அற்புதத்தால் உண்மையும் பொய்யும் கலப்பதில்லை என்றேன். அவர் அடுத்த மாணவரை அழைத்தார்.