சிவப்பு மங்கலாகத் தெரிபவன் லைசென்ஸ் எடுத்த கதை

எனக்குச் சிவப்பு தெரியாமல் இல்லை, மங்கித் தெரியும். நல்ல வெயிலில் பச்சைக் கறிவேப்பிலைக்கு நடுவே கிடக்கும் சிவப்பு மிளகாயை அம்மா சட்டென்று எடுத்துவிடுவார், நான் தேடிக்கொண்டிருப்பேன். அம்மாவின் அப்பாவுக்கும் இப்படித்தானாம். இது பெரும்பாலும் தாய்வழியில் பேரனுக்கு வரும் குறை என்பதால் அதில் வியப்பில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோதுதான் இதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்ல வேண்டுமா, கூடாதா என்ற கேள்வி வந்தது. கேட்ட ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "வாயைத் திறக்காதே."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தம்பி, கலரைப் பார்க்காதே. மேலே எரியுதா, கீழே எரியுதா, அதை மட்டும் பாரு" என்றார். திருச்சி தலைமைத் தபால் நிலைய சிக்னலில் ஓரமாக நிற்க வைத்து, சிக்னல் முழுதாகச் சுற்றி வரும்வரை பார்க்கச் சொன்னார். மேலே இருப்பது நில், நடுவில் இருப்பது தயார், கீழே இருப்பது போ. நிமிர்ந்து நிற்கும் கம்பத்தில் இந்த வரிசை மாறாது. பகலில் இது போதும்.

இருந்தாலும் என் கண்ணுக்கு ஒரு சிக்கல் உண்டு, மாஸ்டருக்கு அது தெரிய நியாயமில்லை. நிறக்குறை உள்ள எல்லோருக்கும் சிக்னல் ஒரே மாதிரி தெரியாது. பச்சையை உணரும் செல்களில் குறை உள்ளவருக்கு நிறம் குழம்பும், வெளிச்சம் ஏறத்தாழ சரியாக இருக்கும். என்னைப் போல் சிவப்பை உணரும் செல்களில் குறை உள்ளவருக்குச் சிவப்பு விளக்கின் வெளிச்சமே குறைந்துவிடும். சாயங்கால வெயில் நேராக விளக்குமேல் அடித்தால், மேலே எரிவது எனக்கு அணைந்த விளக்கு மாதிரி இருக்கும். அதனால் நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த விளக்கும் எரியவில்லை என்று தோன்றினால், அது சிவப்பு. விளக்குமேல் இருக்கும் தகர முகடும், சில இடங்களில் பின்னால் வைத்திருக்கும் கறுப்புப் பலகையும் எனக்குப் பெரிய உதவி.

பச்சை எனக்குக் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். சிக்னல் பச்சை வெறும் பச்சை இல்லை, அதில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். அப்படி வைத்ததே எங்களைப் போன்றவர்கள் சிவப்பிலிருந்து அதைப் பிரித்துக்கொள்ளத்தான். பகலில் அந்தக் கணக்கு அழகாக வேலை செய்கிறது: கீழே பளிச்சென்ற வெள்ளை, நடுவில் பளிச்சென்ற மஞ்சள், மேலே மங்கிய காவி.

கஷ்டம் ராத்திரியில்தான். இருட்டில் கம்பமும் பெட்டியும் மறைந்துவிடும், தொங்குவது ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும். எது மேல், எது கீழ் என்பதற்கு அளவுகோலே இல்லை. தெருவிளக்கு பழைய சோடியம் விளக்காக இருந்தால் அதன் மஞ்சளுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளும் கரைந்துவிடும். புது எல்.ஈ.டி. தெருவிளக்காக இருந்தால் பச்சை அதோடு கலந்துவிடும். இரவு வகுப்பில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஹெட்லைட் வெளிச்சம் கம்பத்தில் படும்வரை போகச் சொன்னதுதான். பெட்டி கண்ணுக்குத் தெரிந்ததும் மேல் கீழ் திரும்ப வந்துவிடும். நிறுத்தக்கோடு, ஜீப்ரா கிராஸிங், முன்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் கூடுதல் சாட்சி. விளக்கு மாறும்போது வெளிச்சம் மேலிருந்து கீழே குதிக்கும், அதைக் கவனித்தால் சந்தேகமே இருக்காது. நள்ளிரவில் மஞ்சள் மட்டும் சிமிட்டும் சந்திப்பிலும், தனியாகச் சிமிட்டும் ஒற்றை விளக்கிலும் நிறத்தைக் கண்டுபிடிக்க முயற்சியே செய்வதில்லை. இரண்டு பக்கமும் பார்த்து, நிற்கத் தயாராகவே போகிறேன். முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்டும் சிவப்புதான் என்பதால், மற்றவர்கள் விடுவதைவிட அதிக இடைவெளி விடுகிறேன். சிக்னலைவிட எனக்கு இதுதான் நிஜமான ஆபத்து என்பது என் கருத்து.

இனி ஆபீஸ் விஷயம். நாற்பது வயதுக்குள் இருப்பவர் சொந்தக் காருக்கு எடுக்கும் லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம். படிவம் 1 என்ற உடல்தகுதி சுய அறிவிப்பு போதும். பல வருஷம் அதில் 'சிவப்பு, பச்சை நிறங்களை எளிதில் பிரித்தறிய முடியுமா' என்று நேரடியாகவே கேள்வி இருந்தது. 'முடியும்' என்று போட்டால் பொய், 'முடியாது' என்றால் லைசென்ஸ் இல்லை. ஊரே வாயை மூடச் சொன்னதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்கள் லைசென்ஸ் பெறலாம், கடுமையான குறை உள்ளவர்களுக்குத்தான் தடை என்று ஆகிவிட்டது. ஊரில் பேசுகிறவர்கள் பலருக்கும் இந்தத் திருத்தம் இன்னும் எட்டவில்லை.

அப்படியானால் நான் எந்த வகை? அதை அளக்காமல் ஆபீஸில் சொல்வதிலும் பயனில்லை, மறைப்பதிலும் பயனில்லை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டினார்கள். முதல் அட்டையில் 12, அது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 26 என்ற அட்டையில் எனக்கு 6 மட்டும் நின்றது. சிவப்புக் குறைக்காரனுக்கு அப்படித்தான் தெரியுமாம், பச்சைக் குறைக்காரர் 2 என்பாராம். "இது குறை இருக்குன்னு மட்டும்தான் சொல்லும் தம்பி, எவ்வளவுன்னு சொல்லாது" என்று டாக்டரம்மா டி-15 சோதனைக்கு அனுப்பினார். பதினைந்து வண்ண மூடிகள், நிலையான ஒன்று. அதிலிருந்து தொடங்கி, நிறத்தில் நெருங்கியதை நெருங்கியதன் பக்கத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். கடுமையான குறை இருந்தால் வரைபடத்தில் கோடுகள் வட்டத்தின் குறுக்கே திரும்பத் திரும்பப் பாயும். எனக்குப் பக்கத்துப் பக்கத்து மூடிகள் இடம் மாறியிருந்தன, கோடு குறுக்கே போகவில்லை. நடுத்தரக் குறை என்று எழுதிக் கொடுத்தார். சிவப்புக் கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று கேட்டதற்கு, எண்ணைப் படிக்க உதவலாம், ராத்திரி ஓட்ட அது இருட்டைத்தான் கூட்டும் என்று மறுத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தையும், திருத்த அறிவிப்பின் நகலையும் விண்ணப்பத்தோடு வைத்தேன். கவுண்டரில் இருந்தவர் "கலர் பிளைண்டுன்னா கிடையாதுப்பா" என்று தள்ளிவிட்டார். வாக்குவாதம் செய்யாமல் கண்காணிப்பாளரிடம் நகலை நீட்டினேன். அவர் வரி வரியாகப் படித்துவிட்டு, 'நடுத்தர' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஃபைலில் சேர்க்கச் சொன்னார். எல்.எல்.ஆர். கிடைத்தது. பின்னால் காரோட்டத் தேர்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் இருந்த சிக்னலில் "இப்ப என்ன எரியுது?" என்று கேட்டார். "மேலே எரியுது சார்" என்று நிறுத்தினேன். பேசாமல் எழுதிக்கொண்டார்.

சொல்லாமலே வாங்கியிருக்கலாம் என்று இப்போதும் நண்பர்கள் சொல்கிறார்கள். தவறான தகவல் கொடுத்துப் பெற்ற லைசென்ஸைப் பறிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 19வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமானது வேறு. நாற்பது தாண்டிப் புதுப்பிக்கும்போதோ, வாடகை வண்டி ஓட்ட நினைத்தாலோ படிவம் 1ஏ-வில் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது புதிதாக எதுவும் வெளியே வரப்போவதில்லை. பிறவியிலேயே வந்த குறை வயதோடு கூடுவதும் இல்லை.

டி-15இல் கோடுகள் குறுக்கே பாய்ந்த இன்னொருவரும் அன்று அந்த வராந்தாவில் இருந்தார். அவருக்குக் கடுமையான குறை. விதிப்படி அவருக்கு லைசென்ஸ் இல்லை. மேல் கீழ் வரிசை அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பகல்ல தெரியும். நீங்க ராத்திரியைச் சொல்லுங்க" என்றார்.