கல்லாவில் குறையும் பணம், கல்லாவுக்கே வராத பணம்

சலூன் கல்லாவில் பணம் குறைந்தால் உடனே திருட்டு என்று நினைக்கிறோம். பல வருடங்களாக சலூன்களின் ரிசப்ஷனையும் கணக்கையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ராத்திரி எண்ணும்போது குறைகிற பணம் பெரும்பாலும் கைத்தவறுதான். எடுக்க நினைக்கிறவர் கல்லாவில் கை வைக்க மாட்டார், அன்றைக்கே தெரிந்துவிடும். அவர் பில்லே போடாமல் விடுவார். இது புரியாத முதலாளிகள் தவறு செய்த பிள்ளையைத் திருடி ஆக்கிவிடுகிறார்கள், எடுத்தவரோ நல்ல பெயரோடு உட்கார்ந்திருப்பார்.

நான் இருந்த ஒரு கடையில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. காலையில் சில்லறைக்காக வைத்தது 2,000, ரொக்க பில்கள் 9,450, டீக்கும் டவல் சலவைக்கும் கொடுத்தது 180. அப்படியென்றால் கல்லாவில் 11,270 இருக்க வேண்டும். ரிசப்ஷனில் இருந்த பெண் எண்ணி எழுதியது 10,570. எழுநூறு ரூபாய் குறைவு. முதலாளி எல்லார் முன்னாலும் "பையைக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டார். நான் ஜிபே கணக்கை எடுத்துப் பார்த்தேன், சாஃப்ட்வேர் 14,300 என்கிறது, வங்கிக்கு வந்திருப்பது 15,000. அதே எழுநூறு அங்கே கூடுதலாக நிற்கிறது! 1,200 ரூபாய் பில்லுக்கு ஒரு கஸ்டமர் 500 ரொக்கமாகவும் 700 ஜிபேயிலும் கொடுத்திருக்கிறார், கூட்டத்தில் முழுதும் ரொக்கம் என்று பதிவாகிவிட்டது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பெண் அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அதனால் இப்போது நான் இருக்கும் கடையில் ரொக்கத்தையும் ஜிபேயையும் கார்டையும் தனித்தனியாக ஒத்துப் பார்த்த பிறகுதான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்போம். எண்ணுகிறவருக்கு சாஃப்ட்வேர் சொல்லும் தொகையைக் காட்டுவதில்லை. ஐநூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறோம். தொகை முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நேர்மையானவருக்கும் அதற்குச் சரியாக எண்ணத்தான் கை போகும். ஷிஃப்ட் மாறும்போதும் இதே எண்ணிக்கை, இரண்டு பேர் கையெழுத்து, சாவி ஒருவரிடம் மட்டும். நான் கல்லாவில் உட்கார்ந்தால் எனக்கும் அதே தாள்தான். முதலாளி அவசரத்துக்கு இரண்டாயிரம் எடுத்தாலும் சீட்டு எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அவர் முதல் சீட்டை எழுதிய நாளிலிருந்து யாரும் இந்தத் தாளை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிப்ஸ் இன்னொரு தலைவலி. கஸ்டமர் கடையின் க்யூஆரிலேயே நூறு ரூபாய் டிப்ஸ் சேர்த்து அனுப்புவார், ஸ்டைலிஸ்ட் கல்லாவிலிருந்து நூறு எடுத்துக்கொள்வார். அது அவர் பணம்தான், ஆனால் எழுதாவிட்டால் ராத்திரி குறையும். ஒரு சின்ன டிப்ஸ் சீட்டு போட்டதும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

சரி, பில்லே போடாத வேலைக்கு என்ன செய்வது? த்ரெடிங், தாடி ட்ரிம் மாதிரி ஐந்து, பத்து நிமிட வேலைகளில்தான் இது நடக்கும். கஸ்டமர் நாற்காலியில் உட்காரும்போதே வரிசை எண் அச்சிட்ட வேலைச் சீட்டு ஒன்றை ரிசப்ஷனில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், சீட்டில்லாமல் ஸ்டைலிஸ்ட் வேலையைத் தொடங்க மாட்டார். ராத்திரி சீட்டுகளையும் பில்களையும் எண் வாரியாக ஒத்துப் பார்த்தால், 46க்கும் 48க்கும் நடுவில் 47க்கு பில் இல்லை என்பது தெரிந்துவிடும். "47 என்னாச்சு?" என்று கேட்பதில் யாருக்கும் மனம் நோகாது, கஸ்டமர் காத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். கமிஷனும் அதே சீட்டை வைத்துத்தான் என்பதால் ஸ்டைலிஸ்ட்களே சீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். பில்லை ரத்து செய்வது மட்டும் என் கையெழுத்தோடு. ரத்தான பில்கள் எல்லாமே ரொக்கமாக, எல்லாமே ஒருவருடைய ஷிஃப்டில் என்று வந்துகொண்டிருந்தால் அப்போதுதான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன்.

ரிசப்ஷனும் ஸ்டைலிஸ்டும் கூட்டுச் சேர்ந்தால் இந்தச் சீட்டை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வேக்ஸ், கலர் ட்யூப் தீரும் வேகத்தை மாதம் ஒருமுறை பில்களோடு ஒப்பிடுவேன், அதுவும் தோராயம்தான், த்ரெடிங்குக்கு அதுவும் உதவாது.

குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தினோம். விளக்கம் கேட்காமல் பிடிக்கச் சட்டமும் இடம் தருவதில்லை. இருபது ரூபாய் வரை முன்பின் இருந்தால் எழுதிவிட்டு விடுகிறோம், கூடுதலாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். முன்பெல்லாம் கூடுகிற பணத்தை ஒரு டப்பாவில் ஒளித்து வைத்து, குறைகிற நாளில் அதிலிருந்து ஈடுகட்டுவார்கள். பிடித்தம் நின்றதும் அந்த டப்பாவை அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.