நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பச்சை ஆகவில்லை: பாட்டியின் படத்தை இரண்டு முறை வரைந்தேன்

பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்னால் அடர்பச்சைத் திரை, இடது கன்னத்தில் வெயில், மோவாய்க்குக் கீழே நல்ல இருட்டு. இதைப் புள்ளிகளாலேயே வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போன வாரம்தான் முடிந்தது. ஆனால் அது இரண்டாவது பலகை. முதல் பலகைக்குப் போன இரண்டு வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதனால் நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். போட்டோவைத் தேவையான அளவுக்குப் பெரிதாக்கியது, கோட்டுருவத்தைப் பலகைக்கு மாற்றியது எல்லாம் ஒரு மாலை வேலை. அதில் சிக்கல் எதுவும் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். "சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் போதும், மீதியைக் கண்ணே கலந்துகொள்ளும்" என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். நம்பினேன். எலுமிச்சை மஞ்சளையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்துத் திரை முழுவதையும் நிரப்பினேன். தள்ளி நின்று பார்த்தால் திரை மங்கிய மணல் நிறத்தில் இருந்தது. நீலம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு மஞ்சளுக்கு மூன்று நீலம் என்கிற அளவுவரை கூட்டினேன். அப்போது சாம்பல் ஆனது. மணல் நிறத்திலிருந்து சாம்பலுக்குப் போகிற வழியில் பச்சை ஓர் இடத்திலும் தலைகாட்டவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் இரண்டும் ஒளியைத் தின்கின்றன. மஞ்சள் நீல ஒளியை விழுங்கும், நீலம் சிவப்பு ஒளியை விழுங்கும், இரண்டுக்கும் தப்பிய கொஞ்சம் பச்சைதான் நம் கண்ணுக்கு வருகிறது. தனித்தனிப் புள்ளிகளில் அப்படி நடப்பதில்லை. மஞ்சள் புள்ளி சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது, நீலப் புள்ளி நீலத்தை அனுப்புகிறது. கண் இந்த இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. மூன்று ஒளியும் சமமாக வந்து சேர்ந்தால் அது சாம்பல்தான். அச்சடித்த படத்தில் மட்டும் நீலமும் மஞ்சளும் பச்சை ஆகிறதே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அங்கே மை ஒளி ஊடுருவக்கூடியது, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. விழுந்த இடத்தில் குழைத்தது போலவே ஆகிவிடுகிறது. ஒளி புகாத அக்ரிலிக் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது.

புள்ளி ஓவியத்துக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த லா கிராந்த் ஜாத் தீவு ஓவியத்தின் பெரிய படம் ஒன்றை எடுத்து, புல்வெளியை மட்டும் உற்றுப் பார்த்தேன். அங்கே புல் பச்சையாகவே தீட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல்தான் மஞ்சள், ஆரஞ்சு, நீலத் தீற்றல்கள். அந்த வகுப்புக்குப் போகும் முன் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் ஒரு பலகை மிஞ்சியிருக்கும். ஆக, வேண்டிய நிறத்துக்கு அக்கம்பக்கத்து நிறங்களிலிருந்துதான் புள்ளி எடுக்க வேண்டும். இரண்டாவது பலகையில் திரைக்கு நடுத்தரப் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, நீலம் கலந்த பச்சை என மூன்று எடுத்தேன். இருபது புள்ளிக்கு ஒன்றாக ஆரஞ்சு வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் பச்சை மங்குகிறது. அந்த ஒன்றால் பக்கத்துப் பச்சைக்கு உயிர் வருகிறது.

அடுத்தது புள்ளியின் அளவு. முதல் பலகை 40க்கு 50 சென்டிமீட்டர். தூரிகையின் பின்முனையால் 3 மில்லிமீட்டர் புள்ளிகள் வைத்திருந்தேன். அறையின் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஒவ்வொரு புள்ளியும் தனியாகத் தெரிந்தது. பலகையை வாசலுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு அடி அடியாகப் பின்னால் போனேன். பத்து மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் பாட்டியின் முகம் ஒன்றுகூடியது. ஆனால் அந்தத் தூரத்தில் முகம் ஒரு நாணயம் அளவுக்குத்தான் தெரிந்தது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த விவரத்தைப் பிரித்துப் பார்க்காது. 1 மில்லிமீட்டர் புள்ளி அந்த அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 3 மில்லிமீட்டர் புள்ளிக்குப் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். படம் மாட்டப்போகும் சுவருக்கு எதிரே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று முதலில் அளந்துவிட்டுத்தான் புள்ளியின் அளவை முடிவு செய்ய வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

என் அறையில் கிடைப்பது நான்கு மீட்டர். அதனால் 1 மில்லிமீட்டர். பலகையையும் 20க்கு 25 சென்டிமீட்டராகக் குறைத்தேன். அப்படியும் நாற்பதாயிரம் புள்ளிக்கு மேல் ஆனது. ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம், அதில் ஏறக்குறைய இரண்டாயிரம் புள்ளி, மூன்று வாரம். சின்ன உருண்டை முனை உள்ள உலோகக் குச்சிதான் கை கொடுத்தது. ஒரு முறை தொட்டால் முதல் புள்ளி கொழுத்து விழும், ஐந்தாவது புள்ளி பாதியாக மெலிந்துவிடும். மூன்று புள்ளிக்கு ஒரு முறை தொட்டு வைத்தால் அளவு சீராக இருக்கும். ஒரு நிறம் காயாமல் அடுத்த நிறத்தை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டும் ஓடிக் கலந்தால் தட்டில் குழைத்த அதே சேறுதான்.

முதல் பலகையில் என்னை அதிகம் நோகடித்தது மோவாய்க்குக் கீழ் உள்ள இருட்டு. வெள்ளைப் பரப்பின்மேல் கருநீலமும் அடர்பழுப்பும் நெருக்கமாக, ஒன்றையொன்று தொடும்படி வைத்தேன். அருகில் பார்த்தால் கறுப்பாகவே இருந்தது. தள்ளிப் போனால் வெறும் நடுத்தரச் சாம்பல். கழுத்தே காணாமல் போனது. வரிசையாக ஒன்றையொன்று தொடும் வட்டங்கள் பரப்பில் 78 சதவீதத்தை மட்டுமே மூடுகின்றன. மீதி 22 சதவீதம் வெள்ளை. அந்த இடுக்குகள் அனுப்பும் வெளிச்சம், நூறு சதவீதம் கறுப்புப் புள்ளி வைத்தாலும் பரப்பை நடுச் சாம்பலாக்கப் போதுமானது.

கணினியில் முன்கூட்டிப் பார்த்தபோது இது தெரியவில்லையே என்று குழம்பினேன். புள்ளிகளை வரைந்து, அந்தப் படத்தை மங்கலாக்கித்தான் பார்த்திருந்தேன். பல மென்பொருள்கள் ஒளியைச் சராசரி எடுப்பதில்லை, திரையின் நிற எண்களைச் சராசரி எடுக்கின்றன. அந்த எண்களில் கறுப்பு 0, வெள்ளை 255. பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்றால் அவை 128 என்று காட்டும். கண் உண்மையில் பார்ப்பது 188க்குச் சமமான சாம்பல். அதாவது கணினி காட்டியதைவிடப் பலகை எப்போதும் வெளிறித்தான் வரும். அதற்குப் பதில் 3 சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரிப் புள்ளிகளை வைத்துச் சுவரில் ஒட்டி, மாட்டப்போகும் தூரத்திலிருந்து நேரில் பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

இருட்டுக்கு மருந்து அடிப்பூச்சு. இரண்டாவது பலகையில் வெள்ளையை எங்கேயும் விடவில்லை. கழுத்துக்கு அடர்பழுப்பு, திரைக்கு மங்கிய பச்சை, முகத்துக்கு வெளிர் மண்நிறம் என்று முதலில் தட்டையாகப் பூசிக் காயவிட்டேன். பிறகு இடுக்கில் தெரிவதும் அந்தந்த இடத்துக்கு உரிய நிறமாகவே இருந்தது. கழுத்தில் முதல் நாள் புள்ளி வைத்து முடித்துத் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது மோவாய் முன்னால் வந்து நின்றது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாகக் கன்னம். மாநிறத்துக்கு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் என்று தேர்ந்தெடுத்திருந்தேன். நீலத்தை டியூபிலிருந்து அப்படியே வைத்ததில் பாட்டிக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது. நான்கு மீட்டரிலும் அந்தப் புள்ளிகள் கரையவே இல்லை. நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாட்டைக் கண் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். ஒரே வெளிச்ச அளவுள்ள இரண்டு நிறங்கள் கிட்டத்திலேயே கலந்துவிடும். ஒன்று மற்றதைவிட மிக இருண்டதாக இருந்தால் இன்னும் வெகுதூரம் தள்ளிப் போகும்வரை குத்தும்.

செல்போன் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டேன். ஆரஞ்சுப் புள்ளிக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்துப் பார்ப்பது, வெள்ளை சேர்ப்பது, மறுபடி பார்ப்பது. இரண்டும் ஒரே சாம்பலாகி எல்லை மறையும்வரை இப்படியே செய்தேன். ஐந்தாவது முறை சரியாக வந்தது. ஆறு ஆரஞ்சுக்கு மூன்று இளஞ்சிவப்பு, ஒரு வெளிர்நீலம். நிழல் பக்கம் நெருங்க நெருங்க மூன்றையும் சேர்த்தே இருளாக்கினேன். அடையாளமே தெரியாமல் போன நீலம்தான் அந்தக் கன்னத்துக்குத் தோலின் குளிர்ச்சியைக் கொடுத்தது. அதை எடுத்துவிட்டுச் செய்த மாதிரிச் சதுரம் செங்கல் போல இருந்தது.

முடித்த படத்தைச் சித்தி ஆசையாக வாங்கிப் போய் அவர் வீட்டு நடையில் மாட்டினார். நடையின் அகலம் ஒன்றரை மீட்டர். "என்னடா, புள்ளி புள்ளியா இருக்கு, எங்கம்மா எங்க?" என்று போன் வந்தது. மறுநாள் போய் ஆணியைப் பிடுங்கி, நடையின் கடைசியில் இருக்கும் குறுக்குச் சுவரில் அடித்தேன். சித்தி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு நாற்காலியை எடுத்து வந்து அங்கேயே போட்டுக்கொண்டார்.